கிரியேட்டினும் கிரியேட்டினினும்: போசாக்குக் கழகத்துக்கு ஒரு மணித்தியாலப் பாடம்

"சேர், எங்கட பள்ளிக்கூடப் போசாக்குக் கழகத்தில வாற கிழமை கிரியேட்டின் பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கினம். தரம் 10, 11 பிள்ளையள், ஒரு 30 பேர் வருவினம். ரெண்டு மூண்டு பெடியள் ஏற்கனவே அந்தப் பவுடரை வாங்கிக் குடிக்கினம் எண்டும் கதை. அது என்ன, என்ன இல்ல எண்டு எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது? ஒரு பாடத்திட்டம் போட்டுத் தருவீங்களோ?" (முல்லைத்தீவுப் பக்கத்து ரீச்சர் ஒராள்)

ரீச்சர், ஒரு மணித்தியாலம் காணும், ஆனா எல்லாத்தையும் சொல்ல வெளிக்கிடாதேங்கோ. எங்கட பக்கத்தில இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு முடிச்சுத்தான் இருக்கு, அதை அவிட்டா மிச்சமெல்லாம் தன்ர பாட்டில வரும். அந்த முடிச்சு என்னெண்டு நான் முதல்தரம் இந்த வகுப்பை எடுக்கேக்கதான் கண்டன். தசை, சக்தி, அமினோ அமிலம் எண்டு முக்கால் மணித்தியாலம் நல்லாத்தான் போச்சு, கடைசியில "சுகமான ஆளுக்குக் கிரியேட்டினால கிட்னி பழுதாகிறதா ஆய்வுகளில தெரியேல்ல" எண்டு சொன்னன், உடன பின்வாங்கில இருந்த ஒரு பெடியன் எழும்பி "சேர், எங்கட அப்பப்பாக்குக் கிரியேட்டின் 4.8, கிழமைக்கு ரெண்டுதரம் வவுனியாவுக்கு ரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோறம், நீங்கள் ஒண்டும் செய்யாது எண்டுறீங்கள்" எண்டான். வகுப்பு அப்பிடியே அமைதியாப் போச்சு. அவன்ர அப்பப்பாவின்ர ரிப்போர்ட்டில இருக்கிறது கிரியேட்டின் இல்ல, கிரியேட்டினின். ஒரு எழுத்துத்தான் கூட. ஆனா எங்கட ஊரில அந்த ரெண்டாவது சொல்லைத்தான் சனம் கேட்டிருக்கு, கிளினிக் புத்தகத்தில பாத்திருக்கு, அதால பயந்தும் இருக்கு. அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் ஒழுங்கா விடை சொல்லேல்ல, மணி அடிச்சிட்டுது. அடுத்த தரம் பாடத்தை அந்தச் சொல்லில இருந்தே தொடங்கினன். நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ.

முதல் பத்து நிமிசம். கரும்பலகையில ரெண்டு சொல்லையும் பெரிசா எழுதுங்கோ, கிரியேட்டின், கிரியேட்டினின். கடைசி "னி"யை மட்டும் வேற நிறச் சோக்கால எழுதுங்கோ. ஆளுக்கொரு துண்டுக் கடதாசி குடுத்து, ரெண்டையும் எங்க கேள்விப்பட்டனீங்கள் எண்டு பேர் போடாம எழுதச் சொல்லுங்கோ. "ஆர் குடிக்கிறீங்கள்" எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ, கை உயத்தின பெடியன் பிறகு உங்களிட்ட உண்மை கதைக்கமாட்டான். துண்டுகளை அந்த இடத்திலயே வாசிச்சா ஜிம், யூரியூப், அண்ணா, அம்மம்மாவின்ர கிளினிக், ஸ்டீரொயிட், புரோட்டீன் எண்டு கலந்துதான் வரும். உங்கட பிள்ளையளுக்கு முடிச்சு எந்த இடத்தில இருக்கெண்டு அதில தெரியும்.

அடுத்த பதினைஞ்சு நிமிசம் மரத்துக்குக் கீழ, வெயில் ஏற முதல். தொய்வு இருக்கிற பிள்ளையள், நெஞ்சு வருத்தத்துக்குக் கிளினிக் போற பிள்ளையள் ஓடவேண்டாம், அவையள் எண்ணட்டும். ரெண்டு ரெண்டு பேரா நிக்கவைச்சு, ஒராள் நிண்ட இடத்திலயே முழங்காலை உயத்தி ஏலுமான வேகத்தில 30 செக்கன் ஓடவேணும், மற்றவர் ஒவ்வொரு 10 செக்கனுக்கும் எத்தினை அடி எண்டு எண்ணி எழுதவேணும். முதல் பத்துச் செக்கனிலதான் கூட வரும், பிறகு இறங்கும். இப்ப வகுப்பை ரெண்டாப் பிரியுங்கோ. ஒரு பாதி 30 செக்கன் மட்டும் இளைப்பாறிப்போட்டு திருப்பி ஓடட்டும், மற்றப் பாதி 3 நிமிசம் இளைப்பாறட்டும். மூண்டு நிமிசம் நிண்டவையின்ர முதல் பத்துச் செக்கன் எண்ணிக்கை அநேகமாப் பழையபடி கிட்ட வரும், அரை நிமிசம் நிண்டவையின்ரது வராது. எல்லாருக்கும் அச்சொட்டா வராது, சில பிள்ளையள் முதல்தரம் மெதுவா ஓடி ஒளிச்சிருப்பினம், அதால வகுப்பின்ர சராசரியை எடுங்கோ.

ஏன் அப்பிடி எண்டதை விளங்கப்படுத்த எனக்குக் கைகுடுத்தது எங்கட தண்ணிதான். தசை சுருங்கிறதுக்கு நேரா எரியிற பொருள் ஏ.ரி.பி., அது கையில இருக்கிற செம்புத் தண்ணி மாதிரி, முழுவேகத்தில ஓடினா ரெண்டு மூண்டு செக்கனுக்குத்தான் காணும். செம்பை உடன நிரப்பப் பக்கத்திலேயே ஒரு வாளி இருக்கு, அதுதான் பொஸ்பேற் ஒட்டின கிரியேட்டின். அது தன்ர பொஸ்பேற்றைக் குடுத்து, முடிஞ்ச ஏ.ரி.பி.யைத் திருப்பி ஆக்கும், மூச்சே தேவையில்ல, அவ்வளவு கெதி. ஆனா வாளியும் பத்துச் செக்கன் மட்டில அடிக்குப் போயிடும். பிறகு தொட்டி, அது தசையில இருக்கிற மாச்சத்து, கிளைக்கோஜன். அதுக்கும் அங்கால குளம், உடம்புக் கொழுப்பு, இரணைமடு மாதிரிக் கிடக்கும் ஆனா வாய்க்காலால மெதுவாத்தான் வரும். இளைப்பாறேக்க வாளி திருப்பி நிரம்புது, அரை நிமிசத்தில பாதி மட்டில, மூண்டு நாலு நிமிசத்தில கிட்டத்தட்ட முழுசா. பிள்ளையள் இப்ப எண்ணினது அதைத்தான். களைப்புக்கு வேற காரணங்களும் சேருது எண்டதையும் ஒரு வசனத்தில சொல்லிவிடுங்கோ.

இதில ஒண்டை அழுத்திச் சொல்லவேணும். கிரியேட்டின் தண்ணி இல்ல, வாளி. அது தன்ர பாட்டில சக்தி தாறேல்ல, அதில கலோரிக் கணக்கு இல்ல, பொஸ்பேற்றை வாங்கிக் குடுக்கிற பாத்திரம் மட்டும்தான். பவுடர் குடிக்கிற ஆள் செய்யிறது வாளியைக் கொஞ்சம் பெரிசாக்கிறது. தசையில இருக்கிற அளவு 20 இல இருந்து 40 வீதம் வரை கூடலாம், அதுக்கு மேல தசை ஏத்துக்கொள்ளாது, மிச்சம் சிறுநீரோட போகும். அதால பயன் எங்க வரும் எண்டதை இனிப் பிள்ளையளே சொல்லுவினம்: பாரம் தூக்கிறதில, திருப்பித் திருப்பிச் சின்ன வேக ஓட்டம் ஓடுறதில, கபடியில பாடிக்கொண்டு போய்ப் பாய்ஞ்சு வாறதில. 5000 மீற்றர் ஓடுற பிள்ளைக்கு வாளியால என்ன பயன்? அவன் குளத்து வாய்க்காலில ஓடுறவன். அதோட, நாளுக்கு 20 கிராம் எண்டு ஒரு கிழமை குடிக்கிற ஆக்களுக்கு உடம்பில ஒண்டு ரெண்டு கிலோ ஏறும், அது தசைக்குள்ள இழுபட்ட தண்ணி. "ஒரு கிழமையில ரெண்டு கிலோ மசில் வந்திட்டுது" எண்டு படம் போடுற அண்ணாமாருக்கு வந்தது அதுதான், நெடுந்தூரம் ஓடுறவனுக்கு அது வெறும் பாரம்.

திருப்பி வகுப்புக்குள்ள வந்தா பத்து நிமிசம் சாப்பாட்டுக்கு. 1832 இல செவ்ரூல் எண்ட பிரெஞ்சு இரசாயனவியலாளர் இறைச்சிச் சாறில இருந்து இதைப் பிரிச்செடுத்தவர், இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லில இருந்துதான் பேரும் வந்தது. அதால இது ஜிம்மில பிறந்த சாமான் இல்ல. 70 கிலோ ஆளின்ர உடம்பில 120 கிராம் மட்டில எப்பவும் இருக்கு, கிட்டத்தட்ட முழுக்கத் தசையில. மூண்டு அமினோ அமிலத்தில இருந்து உடம்பே நாளுக்கு ஒரு கிராம் மட்டில செய்யுது, வேலை கிட்னியில தொடங்கி ஈரலில முடியும். மச்சம் சாப்பிடுறாக்களுக்கு இன்னுமொரு கிராம் சாப்பாட்டால வரும். பிள்ளையளை ஒரு கணக்குச் செய்யவிடுங்கோ: பச்சை மீனிலயும் இறைச்சியிலயும் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிராம் எண்டு வைச்சா, வீட்டில ஒராளின்ர பங்கு 100 கிராம் சூரை மீனில எவ்வளவு? 0.4 கிராம். பெரியாக்கள் குடிக்கிற 5 கிராமுக்கு எவ்வளவு மீன் வேணும்? ஒண்டேகால் கிலோ. ஆரும் சாப்பிடமாட்டினம். பருப்பிலயும் பயறிலயும் கிரியேட்டின் இல்ல எண்டே சொல்லலாம், பாலில மெத்தக் குறைவு, ஆனா சைவப் பிள்ளையளுக்கு அதால ஒரு வருத்தமும் வராது, அவையளின்ர தசையில கொஞ்சம் குறைவா இருக்கும், உடம்பு செய்யிறது ஓடியாடக் காணும். இந்த இடத்தில ஒரு சைவப் பிள்ளை முகம் வாடினா அதைச் சொல்லாமல் கடந்துபோகாதேங்கோ.

சமைக்கேக்க இதில ஒரு பங்கு கிரியேட்டினினா மாறும். இதைப் பலகையில ஒரு மூலையில எழுதிவையுங்கோ, பத்து நிமிசத்தில தேவைப்படும்.

இப்பதான் முடிச்சு. இருபது நிமிசம் இதுக்கு வையுங்கோ, எங்கயாவது நேரம் வெட்டவேணுமெண்டா இதில வெட்டாதேங்கோ.

அந்த வாளி எப்பவும் கொஞ்சம் ஒழுகும் எண்டு சொல்லுங்கோ. உடம்பில இருக்கிற கிரியேட்டினில நாளுக்கு 1.7 வீதம் மட்டில தன்ர பாட்டில சிதைஞ்சு கிரியேட்டினினா மாறும், 120 கிராமுக்கு அது ரெண்டு கிராம். அந்த ஒழுக்குத் தண்ணியால உடம்புக்குப் பயன் இல்ல, ரத்தத்தில வந்து கிட்னியால வெளிய போகும். கிட்னிதான் வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தா முத்தத்தில தண்ணி நிக்கும். டாக்குத்தர் ரத்தத்தில கிரியேட்டினின் பாக்கிறது முத்தத்தில எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு பாக்கிறதுதான். கிரியேட்டினின் வந்து கிட்னியைக் கெடுக்கேல்ல, கிட்னி கெட்டதை அது காட்டிக்குடுக்குது. அப்பப்பாவின்ர 4.8 எண்டது அதுதான், அவர் பவுடர் ஒண்டும் குடிக்கேல்ல.

பிறகு கேளுங்கோ: முத்தத்தில தண்ணி நிண்டா வாய்க்கால் தூர்ந்ததெண்டு மட்டும்தானோ அருத்தம்? ஒரு பிள்ளையாவது சொல்லும், வாளி பெரிசெண்டாலும் கூட ஒழுகும் எண்டு. அந்த மறுமொழி வரும்வரை பொறுங்கோ, நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ.

அது வந்ததும் ரெண்டு ரிப்போர்ட்டைப் பலகையில எழுதுங்கோ. உண்மையான ஆக்களின்ரதைக் கொண்டுவரவேண்டாம், நான் பாடத்துக்கெண்டு செய்ததைத் தாறன். முதலாவது ஆள் 22 வயசு, ஜிம்முக்குப் போறவர், நாளுக்கு 5 கிராம் கிரியேட்டின் குடிக்கிறவர், முதல்நாள் பின்னேரம் பாரம் தூக்கிப்போட்டு இரவு ஆட்டிறைச்சிக் கறியோட சாப்பிட்டவர். விடிய ரத்தம் குடுத்தா கிரியேட்டினின் 1.3. ரெண்டாவது ஆள் 52 வயசு, கமக்காரர், பவுடர் எண்டா என்னெண்டே தெரியாது, அவருக்கும் 1.3. ஆய்வுகூடம் இந்த இலக்கத்தை வயசோடயும் ஆண் பெண் எண்டதோடயும் சேத்து ஒரு சூத்திரத்தில போட்டு, கிட்னி நிமிசத்துக்கு எத்தினை மில்லிலீற்றர் ரத்தத்தைச் சுத்தமாக்குது எண்ட மதிப்பீட்டை எழுதும், அதுக்குப் பேர் ஈ.ஜி.எஃப்.ஆர். முதலாவது ஆளுக்கு 80 வரும், ரெண்டாவது ஆளுக்கு 66. ரெண்டு பேரும் பயந்துபோய் வாறினம். என்ன செய்யலாம்?

முதலாவது ஆளைப் பவுடரை நிப்பாட்டச் சொல்லி, ஒரு மாதம் கழிச்சு, முதல்நாள் இறைச்சியும் கடும் பயிற்சியும் இல்லாமத் திருப்பிப் பாத்தா 1.0, ஈ.ஜி.எஃப்.ஆர் 109. அவற்ற வாய்க்காலுக்கு ஒண்டும் நடக்கேல்ல. வாளி பெரிசு, அதோட கறிச்சட்டியிலயே மாறின கிரியேட்டினினும் வயித்துக்கால சேந்தது (மூலையில எழுதிவைச்சதை இப்ப காட்டுங்கோ). ரெண்டாவது ஆளை மூண்டு மாதத்தில திருப்பிப் பாத்தா 1.5, ஈ.ஜி.எஃப்.ஆர் 56. அது இறங்கிக்கொண்டு போகுது. மூண்டு மாதத்துக்கு மேல 60 க்குக் கீழ நிண்டா அதை நாட்பட்ட கிட்னி நோய் எண்டு எடுக்கிறவை, இவர் கிளினிக்கில பதிஞ்சு தொடந்து பாக்கவேணும். ஆக ஒரே 1.3, ரெண்டு கதை. ஒருநாள் இலக்கத்தில ஒண்டும் முடிவாகாது, திருப்பிப் பாக்கிறதிலதான் விசயம் இருக்கு. திருப்பிப் பாத்தும் குழப்பமெண்டால் சிஸ்ரற்றின் சி எண்டு வேறொரு ரத்தப் பரிசோதனை இருக்கு, அது தசையிலயும் கிரியேட்டினிலயும் தங்கியில்லை, ஆனா எல்லா இடத்திலயும் செய்யமாட்டினம்.

ரிப்போர்ட்டில 115 எண்டு பாத்த பிள்ளை ஒண்டு கட்டாயம் இருக்கும், பயந்துபோயிருக்கும். அது வேற அலகு: 1.3 எண்டது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், 115 எண்டது லீற்றருக்கு மைக்ரோமோல், 1.3 ஐ 88.4 ஆல பெருக்கினா அந்த 115 தான் வரும். இதை விளங்கப்படுத்தாம விட்டா அந்தப் பிள்ளை வீட்டில போய் அழும்.

இந்த இடத்தில எங்கட பக்கத்துக்கெண்டு ஒண்டு சொல்லத்தான் வேணும். "சுகமான கிட்னிக்குக் கிரியேட்டினால பாதிப்பில்ல" எண்ட ஆய்வெல்லாம் கிட்னி சுகமெண்டு பாத்து எடுத்த பெரிய ஆக்களில செய்தது. 1990களில அநுராதபுரப் பக்கம் கண்டறிஞ்ச, காரணம் இன்னும் முழுசாப் பிடிபடாத கிட்னி நோய் வவுனியாவிலயும் இருக்கு, அது தொடக்கத்தில ஒரு அறிகுறியும் காட்டாது. மற்றக் கிட்னி நோயில மாதிரி சிறுநீரில புரதமும் கனக்கப் போகாது, அதால சிறுநீர்ப் பரிசோதனை சரியெண்டதை மட்டும் வைச்சு நிம்மதியா இருக்கேலாது. வீட்டில ஒராளுக்குக் கிட்னி வருத்தம் இருக்கிற பெடியன், தன்ர கிட்னி எப்பிடியெண்டு ஒருக்காவும் பாக்காதவன், அந்த ஆய்வுகளில இருந்த ஆள் இல்ல. அவன் 18 தாண்டினாப்பிறகும் முதல் ரத்தம் பாத்து, டாக்குத்தரிட்டக் கதைச்சுத்தான் யோசிக்கவேணும். இன்னொரு சிக்கலும் இருக்கு: பவுடர் குடிச்சுக்கொண்டு சோதிச்சா ஏறின இலக்கம் பவுடராலையோ நோயாலையோ எண்டு குழம்பும், "அது பவுடராலதான்" எண்டு உண்மையான நோயைக் கணக்கெடுக்காமலும் விடலாம். எனக்குப் பவுடரை விட இதுதான் பயம். ரத்தம் எடுக்கிறவரிட்ட, டாக்குத்தரிட்ட, குடிக்கிறன் எண்டதை மறைக்காமச் சொல்லவேணுமெண்டு பிள்ளையளைத் திருப்பிச் சொல்லவையுங்கோ.

கடைசி அஞ்சு நிமிசம் "என்ன இல்ல" எண்ட பகுதி, இவ்வளவும் விளங்கினா கெதியாப் போகும். ஸ்டீரொயிட் இல்ல: ஸ்டீரொயிட் ஓமோன் வகை, கொலஸ்ரரோலின்ர குடும்பம், கலத்துக்குள்ள போய்க் கட்டளை குடுக்கிறது; இது கட்டளை குடுக்காத சின்ன மூலக்கூறு, உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலயும் இல்ல. புரோட்டீனும் இல்ல: மூண்டு அமினோ அமிலத்தில இருந்து வந்தாலும் புரதம் மாதிரித் தசையைக் கட்டாது. பயிற்சி இல்லாமக் குடிச்சா பெரிய வாளியை வீட்டில கவிட்டு வைச்ச மாதிரி.

"அப்ப நாங்கள் குடிக்கலாமோ சேர்" எண்ட கேள்வி வரும். வேண்டாம் எண்டு நேர சொல்லுங்கோ, காரணத்தோட சொல்லுங்கோ. 18 க்குக் கீழ்ப்பட்ட சுகமான பிள்ளையளில நீண்டகாலம் பாத்த ஆய்வு போதாது, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வளரிளம் பிள்ளையளுக்கு இப்பிடியான சாமான் வேண்டாமெண்டுதான் சொல்லுது. மற்றக் காரணம் ரின்னுக்குள்ள என்ன இருக்கு எண்டது. 2000, 2001 காலத்தில ஜேர்மனியின்ர கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில வாங்கின 634 போசாக்குச் சேர்மானங்களைச் சோதிச்சது, ஓமோன் எண்டு லேபிளில ஒண்டுமே எழுதாத சாமான்கள், ஆனா 94 இல ஓமோன் வகை இருந்தது. கிரியேட்டின் எண்டு வாங்கினதில கிரியேட்டின் மட்டும்தான் இருக்கெண்டு ஒரு பிள்ளையால எப்பிடிப் பாக்கேலும்? கடையில பொட்டலமாப் பிரிச்சு விக்கிறதெண்டா அந்த லேபிளும் இல்ல. ஏற்கனவே குடிக்கிற பெடியள் தனிய வந்து கதைச்சா ஏசாதேங்கோ, ரின்னைக் கொண்டுவரச் சொல்லி வாசியுங்கோ, வீட்டில கிட்னி வருத்தம் ஆருக்கும் இருக்கோ எண்டு கேளுங்கோ, இருந்தா அண்டைக்கே நிப்பாட்டச் சொல்லி அம்மா அப்பாவோட கதைச்சு வைத்தியசாலைக்கு அனுப்புங்கோ. ஒரு விசயம், பவுடரை வகுப்புக்குக் கொண்டுவந்து கரைச்சுக் காட்டவேண்டாம், காட்டினா அடுத்தநாள் ஆரோ ருசி பாப்பினம்.

வெளிய போகேக்க ஆளுக்கொரு துண்டில ஒரு கேள்விக்கு மட்டும் விடை எழுதச் சொல்லுங்கோ: "மாமாவுக்குக் கிரியேட்டினின் 1.4 எண்டு வந்திருக்கு. அவரிட்ட என்ன என்ன கேப்பீங்கள்?" வயசு என்ன, பவுடர் குடிக்கிறவரோ, முதல்நாள் இறைச்சி சாப்பிட்டவரோ, முந்தின ரிப்போர்ட்டில எவ்வளவு, திருப்பி எப்ப பாக்கச் சொன்னவை. இந்த அஞ்சில மூண்டு வந்தாப் பிள்ளைக்குப் பாடம் விளங்கிட்டுது. "கிரியேட்டின் கூடிட்டுது" எண்டு எழுதின துண்டு எத்தினை எண்டு எண்ணிவையுங்கோ. என்ர ரெண்டாவது வகுப்பில 28 இல 4 அப்பிடி வந்தது, அந்த நாலு பேரையும் அடுத்த கிழமை முன்வாங்கில இருத்தி, ரெண்டு சொல்லையும் பலகையில திருப்பி எழுதித்தான் தொடங்கினன்.